ஒரு ஸ்கூப்புக்கு எத்தனை முட்டை? பள்ளி வீரர்களிடம் புரோட்டீன் பவுடர் பற்றிப் பேச ஒரு வழி

பயிற்சியாளராகச் சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பையிலிருந்து பெரிய கறுப்பு டப்பாவை எடுத்துக் காட்டி, "சார், இதைச் சாப்பிடலாமா?" என்றான். "அதெல்லாம் விஷம்டா, தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டேன். அவன் தூக்கிப் போடவில்லை. என்னிடம் காட்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டான். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, ஒரு வேளைக்கு மூன்று ஸ்கூப் போட்டுக்கொண்டிருக்கிறான், காலைச் சாப்பாட்டை அடியோடு விட்டுவிட்டான் என்று.

விஷம் என்று நான் சொன்னது உண்மையும் இல்லை. பெரும்பாலான பவுடர்கள் பாலிலிருந்து பிரித்தெடுத்து உலர்த்திய புரதம், அவ்வளவுதான். அன்றிலிருந்து "வேண்டாம்" என்று நான் சொல்வதில்லை. பிள்ளைகளைக் கணக்குப் போட வைக்கிறேன், மீதியை அந்தக் கணக்கு பார்த்துக்கொள்கிறது. நீங்கள் புதிதாகப் பொறுப்பேற்றவர் என்றால், நான் நடத்தும் 40 நிமிடப் பேச்சை எப்படி நடத்துகிறேன் என்று சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்தயாரிப்பு

ஒரு சமையல் தராசு, 2 முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு காலி புரோட்டீன் டப்பா. இவை மேசைமேல் இருக்கட்டும். முந்தின இரவு 50 கிராம் கொண்டைக்கடலையை எடை போட்டு ஊறவைத்து, காலையில் வேகவைத்துக் கொண்டுவாருங்கள். இது எதற்கு என்று பின்னால் வருகிறது.

பேச்சைப் பயிற்சிக்கு முன் வையுங்கள். ஓடிக் களைத்துப் பசியோடு உட்கார்ந்திருப்பவனிடம் முட்டையைக் காட்டிக் கணக்குச் சொன்னால் அவன் முட்டையை மட்டும்தான் பார்ப்பான்.

உடல் எடையைக் கூட்டத்தில் யாரையும் உரக்கச் சொல்லச் சொல்லாதீர்கள். அவரவர் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளட்டும். எடை குறித்த கேலி ஒன்று போதும், ஒரு பிள்ளை சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்துவிடும். நீங்கள் சரிசெய்ய வந்த சிக்கலைவிட அது பெரியது.

முதல் படி: எவ்வளவு வேண்டும்?

உட்கார்ந்த வேலை செய்யும் பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பது பொதுவான அளவு. கடுமையாகப் பயிற்சி செய்யும் வளர்ந்த வீரர்களுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை என்று விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையினர் சொல்கிறார்கள். பளு தூக்கிப் பயிற்சி செய்த பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரியாக 1.6 கிராமுக்கு மேல் போனால் தசைக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1.2 முதல் 1.6 வரை என்று வைத்துக்கொள்கிறேன். எடை மிக அதிகமுள்ள பிள்ளைக்கு இந்தப் பெருக்கல் தேவைக்கு மேல் காட்டும், அங்கே 1.2 பக்கமே நில்லுங்கள்.

சீட்டில் எழுதிய எடையை 1.2ஆல் ஒரு முறை, 1.6ஆல் ஒரு முறை பெருக்கச் சொல்லுங்கள். 55 கிலோ என்றால் 66, 88. அந்த இரண்டு எண்ணுக்கு நடுவே எங்காவது நின்றால் சரி. இதைச் சொன்னதும் யாராவது ஒருவன், "சார், ஜிம்ல இருக்கிற அண்ணன் 200 கிராம் சாப்பிடறாரு" என்பான். வாதத்துக்குப் போகாதீர்கள். "அவர் எடை என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் தெரிந்திருக்காது.

இரண்டாம் படி: பலகையில் ஏழே எண்கள்

உணவு அட்டவணை முழுவதையும் அச்சடித்துக் கொடுத்த காலம் ஒன்று எனக்கும் உண்டு. அடுத்த நாள் அந்தத் தாள்கள் மைதானத்து ஓரத்தில் பறந்துகொண்டிருந்தன. இப்போது ஏழு எண்களை மட்டும் எழுதுகிறேன், எல்லாம் மனதில் நிற்கும்படி சற்றே கீழாக முழுமையாக்கியவை:

- முட்டை ஒன்று: 6 கிராம்
- பால் ஒரு டம்ளர், 200 மில்லி: 6
- தயிர் 100 கிராம்: 3
- சோறு 100 கிராம்: 2.5
- கெட்டியாக வெந்த பருப்பு அல்லது கடலை வகை 100 கிராம்: 8
- வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம்: 7
- வெந்த கோழி இறைச்சி 100 கிராம்: 25

மீனைக் கோழிக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொள்ளலாம். ரொட்டித் துண்டு ஒன்றுக்கு 2 முதல் 3. இவ்வளவு போதும்.

இங்கே இரண்டு குழப்பம் தவறாமல் வரும். முதலாவது, 200 கிராம் கோழி சாப்பிட்டால் 200 கிராம் புரதம் என்று நினைப்பது. சிரிக்காதீர்கள், என்னிடம் பயின்ற மாநில அளவு ஓட்டக்காரி ஒருத்தியே அப்படி எழுதியிருந்தாள். இறைச்சியின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் என்று சொன்னால் புரிந்துவிடும்.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது, கணக்கை உண்மையில் கெடுப்பதும் இதுதான். ஒரு பையன் போனில் தேடி, கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு 20 கிராம் புரதம் என்று பார்த்திருந்தான். கிண்ணத்தில் வெந்த கடலை 300 கிராம் இருந்தது. 60 கிராம் வந்துவிட்டது என்று ஒரே சந்தோஷம். அவன் பார்த்த எண் உலர்ந்த கடலைக்கு உரியது, தட்டில் இருந்ததோ வெந்தது. அவனுக்கு உண்மையில் கிடைத்தது 24 கிராம்தான்.

முந்தின இரவு ஊறவைத்த கடலை இதற்குத்தான். பிள்ளைகள் முன் தராசில் வையுங்கள். நேற்று 50 கிராமாக இருந்தது இன்று 100 கிராமைத் தாண்டி நிற்கும். "புரதம் கூடிச்சா?" என்று கேளுங்கள். யாராவது, "தண்ணி கூடிச்சு சார்" என்பார்கள். பத்து நிமிடம் விளக்கினாலும் ஏறாத விஷயம் அந்த ஒரு தராசு முள்ளில் ஏறிவிடும்.

வீட்டில் தினமும் தராசு வைத்துச் சாப்பிடச் சொல்லக்கூடாது, அது வேறு வியாதிக்குக் கொண்டுபோகும். அதற்குப் பதில் உலர் அளவில் கேட்கச் சொல்லுங்கள். நாலு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு 300 கிராம் பருப்பு வேகிறது என்று வைத்துக்கொள்வோம். உலர் பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 22 என்றால் மொத்தம் 66, ஆளுக்குச் சுமார் 16. சமைக்கும்போது எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்ற கவலையே இல்லை.

மூன்றாம் படி: ஒரு நாள் சாப்பாட்டை எண்ணுவது

யாராவது ஒருவரைத் தன் நேற்றைய சாப்பாட்டைச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பலகையில் எழுதுங்கள். ஒரு முறை 15 வயது நடுத்தொலைவு ஓட்டக்காரன் ஒருவன் சொன்னதை இங்கே தருகிறேன். எடை 55 கிலோ. எல்லைகள் 66, 88.

காலையில் ஒரு டம்ளர் பால், வேறு எதுவும் இல்லை: 6. மதியம் சோறு சுமார் 300 கிராம், அதற்கு 7. பருப்பு ஒரு கரண்டி, நீர்த்தது என்பதால் 4 மட்டும். தயிர் 3, காய்கறி 2. ஆக 16. மாலைப் பயிற்சி முடிந்து பிஸ்கட், 2. இரவில் மறுபடி சோறு 7, முட்டை ஒன்று 6, காய்கறி 2, ஆக 15. மொத்தம் 39.

அவன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா சார், பவுடர் வேணும்னுதானே சொல்றேன்!"

இந்த இடத்தில் புதியவர்கள் தடுமாறுவார்கள். நாம் வந்தது பவுடர் தேவையில்லை என்று காட்ட, கணக்கோ அவன் பக்கம் நிற்கிறது. தடுமாற வேண்டாம், பற்றாக்குறை உண்மைதான், ஒத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொண்டு அடுத்த வரியை எழுதுங்கள்: ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் புரதம். 39உடன் 24 சேர்த்தால் 63. கீழ் எல்லையான 66ஐக்கூட எட்டவில்லை. டப்பா வாங்கியும் அவன் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறான்.

இப்போது சாப்பாட்டுப் பக்கம் வாருங்கள். காலைப் பாலோடு 2 முட்டை, 12. 2 துண்டு ரொட்டி, 5. மதியம் நீர்த்த பருப்புக்குப் பதில் கெட்டியாக 150 கிராம், அதாவது 4 இருந்த இடத்தில் 12, கூடுவது 8. பயிற்சி முடிந்ததும் வெந்த கடலை 150 கிராம், 12. படுக்கப் போகும் முன் இன்னொரு டம்ளர் பால், 6. எல்லாம் சேர்த்து 43 கூடுகிறது. 39உம் 43உம் 82. எல்லைக்குள் வசதியாக உட்கார்ந்துவிட்டான்.

முட்டை சாப்பிடாத வீடு என்றால் காலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் 150 கிராம் தயிரும். கிட்டத்தட்ட அதே 12 வரும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் புரதத்தைவிட அவனுக்கு அவசரமானது இதுதான். ஒரு ஸ்கூப்பில் இருப்பது சுமார் 120 கலோரி. நாம் கூட்டிய உணவில் 700க்கு மேல். வெறும் பாலோடு பள்ளிக்கு வந்து மாலையில் 6 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு எரிபொருளே போதவில்லை. எரிபொருள் குறைந்தால் உடல் புரதத்தையும் அடுப்பில் போட்டு எரிக்கும். தசை கட்ட வாங்கிய பவுடர் ஓடுவதற்கே செலவாகிப் போகும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பயிற்சியின் முதல் பாதியில் நன்றாக ஓடிக் கடைசிப் பகுதியில் மட்டும் திடீரென்று சரிகிறவனிடம், "காலையில என்ன சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கு முடிந்ததும் மேசைப் பொருள்களைக் காட்டுங்கள். 2 முட்டை 12, ஒரு டம்ளர் பால் 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7. மொத்தம் 25. ஒரு ஸ்கூப் இவ்வளவுதான் என்று டப்பாவைப் பக்கத்தில் நகர்த்தி வையுங்கள். விலையைப் பிள்ளைகளே ஒப்பிட்டுக்கொள்ளட்டும்: டப்பாவின் விலையை அதிலுள்ள ஸ்கூப் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்லி, அதையும் இந்தத் தட்டின் விலையையும் வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். வீட்டுப்பாடம் கொடுத்தால் செய்யாதவர்கள் இதை மட்டும் செய்துவருவார்கள்.

கேள்விகள் வரும்போது

"மஞ்சள் கருவைத் தூக்கிப் போடணுமாமே சார்?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. முட்டையின் 6 கிராமில் வெள்ளைக் கருவில் இருப்பது மூன்றரை கிராம் அளவு, மீதி மஞ்சளில். மஞ்சளைத் தூக்கிப் போட்டால் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு குப்பைக்குப் போகிறது. வைட்டமின்களும் பெரும்பாலும் அங்கேதான். மருத்துவர் சொல்லியிருந்தால் வேறு விஷயம். வளரும் பிள்ளை முழுதாகவே சாப்பிடட்டும்.

பச்சை முட்டை அடுத்தது. உடைத்து அப்படியே குடிப்பது வீரம் என்று ஒரு நினைப்பு. 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேகவைத்த முட்டைப் புரதத்தில் சுமார் 90 சதவீதத்தை உடல் எடுத்துக்கொண்டது, பச்சையாகக் கொடுத்தபோது 50 சதவீத அளவுதான். பச்சையாகக் குடித்தால் 6 கிராம் 3 ஆகிவிடும் என்று பலகையிலேயே அடித்துத் திருத்திக் காட்டுவேன். சால்மொனெல்லா கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு அதற்கு மேல்.

"பயிற்சி முடிஞ்சு அரை மணிக்குள்ள குடிக்கலேன்னா வேஸ்ட்" என்பது டப்பா விற்கிறவர்களுக்கு வசதியான நம்பிக்கை. பயிற்சிக்குப் பிறகு பல மணி நேரம் தசை புரதத்தை ஏற்கும் நிலையில்தான் இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாலே போதும். ஒரே வேளையில் கொட்டிக்கொள்ளாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுவது நல்லது, அவ்வளவுதான்.

சைவ உணவுக்காரப் பிள்ளைகளிடம், "உன் புரதம் அரைகுறை" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. சோறும் பருப்பும் சேர்ந்தே தட்டுக்கு வருகிற வீட்டில் இந்தக் கவலை வேண்டாம்.

அதிகம் சாப்பிட்டால் அதிகத் தசை வருமா என்றும் கேட்பார்கள். தேவைக்கு மேல் போன புரதத்திலிருந்து கல்லீரல் நைட்ரஜனைப் பிரித்து யூரியாவாக்கி அனுப்புகிறது, அது சிறுநீரில் போகிறது. மீதி எரிபொருளாகும், அல்லது கொழுப்பாகத் தங்கும். தசையை வளரச் சொல்வது பயிற்சிதான். அதிலும் 12, 13 வயதில் பளு தூக்கினால் வலிமை கூடும், கை அவ்வளவாகப் பெருக்காது. நரம்புகள் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருகிற வலிமை அது. புஜம் பெருக்கவில்லையே என்று பவுடருக்கு ஓடுகிற சின்னப் பையன்களிடம் இதை நிதானமாக உட்கார்த்திச் சொல்லுங்கள். அவர்கள் உடலில் பருவ மாற்றம் இன்னும் முடியவில்லை, எந்த டப்பாவும் அதை முன்கூட்டிக் கொண்டுவராது. உயரமாக்கும் பவுடர் என்பதும் இதே ரகம்.

கிரியேட்டின் பற்றிக் கேட்டால் சுருக்கமாக: அது ஸ்டீராய்டு இல்லை, பெரியவர்களிடம் பலன் தெரிந்திருக்கிறது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 18 வயதுக்குக் கீழே வேண்டாம் என்கிறது. நானும் அங்கேயே நிற்கிறேன்.

நான்காம் படி: டப்பாவின் பின்பக்கம்

எல்லாம் சொன்ன பிறகும் ஒருவர் வாங்கத்தான் செய்வார். சில நேரம் நியாயமும் இருக்கும், பயணப் போட்டிகளில் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்காத நாள்கள் உண்டு. அப்போது பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு ஸ்கூப்பின் எடையையும் அதிலுள்ள புரதத்தையும் பாருங்கள். 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் என்றால் ஐந்தில் நாலு பங்கு புரதம். எடை கூட்டும் பவுடர் என்று வருவதில் 100 கிராமுக்கு 15 கிராம் புரதம் என்று இருந்தால், மீதியில் பெரும்பகுதி மால்ட்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவுச்சத்தும் சர்க்கரையும். சோற்றிலும் ரொட்டியிலும் கிடைப்பதற்கு அவ்வளவு பெரிய டப்பா தேவையில்லை.

அப்புறம் உள்ளடக்கப் பட்டியல். வழக்கமான சோதனையில் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருள்களிலும் நைட்ரஜன் உண்டு என்பதால், அவற்றைச் சேர்த்தால் எண் ஏறிவிடும், புரதம் ஏறாது. பட்டியலில் இவை முன்வரிசையில் தனியாக நின்றால் சந்தேகப்படுங்கள். 2008இல் சீனாவில் பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமின் என்ற வேதிப்பொருளைக் கலந்ததும் இதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான். குழந்தைகள் இறந்தார்கள்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து, பட்டியலிலேயே இல்லாத பொருள். 2000, 2001இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வுக்கூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 துணை உணவுப் பொருள்களைச் சோதித்தது. புரோட்டீன் பவுடர் மட்டுமல்ல, பல வகைகள், எதுவும் ஹார்மோன் என்று சொல்லி விற்கப்பட்டதல்ல. 94இல் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு வகைப் பொருள் இருந்தது, ஏறக்குறைய ஏழில் ஒன்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி உடலில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு. "எனக்குத் தெரியாது சார்" என்பதைச் சொல்லித் தண்டனையைக் குறைக்க முயலலாம், குற்றம் போகாது. வாங்கியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு தொகுதியையும் வெளி ஆய்வுக்கூடத்தில் சோதித்ததாக முத்திரை உள்ளதை வாங்கச் சொல்லுங்கள். அந்த முத்திரை ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது.

கணக்கை நிறுத்த வேண்டிய இடம்

சில பிள்ளைகளிடம் இந்தக் கணக்கே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, பால் அல்லது கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் போகட்டும். எடை தொடர்ந்து இறங்குகிற பிள்ளை, மாதவிடாய் நின்றுபோன பெண் பிள்ளை, எலும்பில் அடிக்கடி விரிசல் வருகிற ஓட்டக்காரர், இவர்கள் போதுமான அளவு சாப்பிடவில்லை என்று உடல் சொல்லிக்கொண்டிருக்கலாம். பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மற்றவர்களுக்கு மூன்று நாள் சீட்டு போதும். இரண்டு பயிற்சி நாள், ஒரு ஓய்வு நாள், சாப்பிட்டதை எழுதிப் பலகை எண்களால் கூட்டிக் கொண்டுவரட்டும். நான் வாங்கிப் பார்க்கும்போது மொத்தத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் கண் போவது காலை வரிசைக்கு. பத்துச் சீட்டில் நாலைந்தில் அந்த இடம் காலியாக இருக்கும்.